நோகாத காலும் நனைந்த காலுறையும்

"தம்பி, நொந்திருந்தால் பார்த்திருப்பன்தானே. நோகேல்லை. அதுதான் பார்க்கேல்லை."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி அவர் இதைச் சொன்னபோது அவருடைய இடது காலில் சின்னிவிரல் இல்லை. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் அதை அகற்றியிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர் அவர். ஒரு பக்கத்தில் ஒரேயொரு புள்ளி விடுபட்டிருந்தாலும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. தன் காலுறையிலிருந்த கறை அந்தக் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் தோல் செருப்பு அணிந்து வேலைக்கு வந்தவர். அலுவலகத்துக்கு விளம்பரதாரர்கள் வந்துபோகத் தொடங்கிய காலத்தில், ஆண் ஊழியர்கள் அனைவரும் கறுப்புச் சப்பாத்தும் காலுறையும் அணியவேண்டும் என்று நிருவாகம் முடிவெடுத்தது. அந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "மழை நாளிலுமோ தம்பி?" என்று கேட்டார். "எல்லா நாளும்தான் அண்ணை" என்றேன். அவருக்குப் பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவு இருப்பது எனக்குத் தெரியும். அந்த நோய்க்கும் சப்பாத்துக்கும் என்ன தொடர்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நடந்ததை நாள் வரிசையில் சொல்கிறேன்.

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை. கொழும்பில் அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அன்று காலையிலேயே கொட்டியது. வெள்ளவத்தையில் பஸ் ஏறுவதற்காகக் காலி வீதியோரம் தேங்கியிருந்த நீரைக் கடந்தார். சப்பாத்துக்குள் தண்ணீர் போயிற்று. குளிரூட்டிய அறையில் ஒன்பது மணி நேரம் அதே காலுறையோடு இருந்தார். சப்பாத்தைக் கழற்றி மேசைக்கடியில் வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தாராம். இரவு வீட்டுக்குப் போனதும் சப்பாத்தை வாசலில் விட்டார். செவ்வாய்க்கிழமை காலை காலுறை புதிது, சப்பாத்தோ இன்னும் ஈரம். அன்றும் அதையே அணிந்தார். புதன்கிழமை இரவு துணி துவைக்க எடுத்த அக்கா, இடது காலுறையின் நுனியில் சிறிய மண்ணிறக் கறையைக் கண்டார். துருவாக இருக்கும் என்று எண்ணி ஊறவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை குளிக்கும்போதுதான் சின்னிவிரலின் மேற்புறத்தில், மூட்டுக்கு மேலே, தோல் உரிந்திருப்பதை அவரே பார்த்தார். ஒரு பிளாஸ்ரர் ஒட்டினார். திங்கட்கிழமை திரும்பவும் அதே சப்பாத்து. அதற்கடுத்த வியாழக்கிழமை காய்ச்சல். வைத்தியர் காயத்துக்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை மெதுவாக விட்டுப் பார்த்தபோது அது எலும்பில் முட்டியது. அப்படி முட்டினால் எலும்பிலும் கிருமி சேர்ந்திருக்கும் என்ற சந்தேகம் மிகவும் பலமாகும். படம் எடுத்துப் பார்த்தார்கள், அது உறுதியாயிற்று.

காயம் எதனால் வந்தது? ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்தவில்லை. காலுறையின் நுனித் தையல்தான் காரணம். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டிய தாதி அந்தக் காலுறையைக் கொண்டுவரச் சொல்லி, உட்புறத்தை வெளியே புரட்டி, விரல் நுனியில் ஓடும் கட்டியான தையல் வரம்பைக் காட்டினார். காயம் இருந்த இடத்தின் மேலேயே அந்த வரம்பு ஓடியது.

ஒரு நூல் வரம்பு விரலை எடுக்குமா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். விடை மூன்று படிகளில் இருக்கிறது.

முதலாவது, விறைப்பு. நீண்டகால நீரிழிவு பாதத்து நரம்புகளைக் கெடுக்கும்போது நோவு போய்விடுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்குச் சப்பாத்துக்குள் ஒரு மணல் கிடந்தாலே பத்து அடி நடப்பதற்குள் நின்று தட்டிவிட்டுத்தான் போவார். விறைத்த காலுக்கு அந்த எச்சரிக்கை வராது. நாள் முழுவதும் அதன்மேல் நடக்கும். இது இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையால், கண்களை மூடவைத்துப் பாதத்தின் சில இடங்களைத் தொடுவார்கள். அது தொடுவதை உணராத பாதம் பாதுகாப்பு உணர்வை இழந்த பாதம். இரண்டு நிமிட வேலை. நண்பருக்கு அந்தப் பன்னிரண்டு வருடங்களில் ஒருமுறையேனும் அதைச் செய்திருக்கவில்லை.

இரண்டாவது, விரலின் வடிவம். அதே நரம்புக் கேடு பாதத்திலுள்ள சிறிய தசைகளையும் மெலியச் செய்கிறது. அதனால் விரல்கள் மெல்ல மெல்ல மடங்கிப் பறவையின் நகம்போல் ஆகின்றன; மூட்டுக்கள் மேலே எழும்புகின்றன. எழும்பிய மூட்டு சப்பாத்தின் மேற்தோலில் உராய்கிறது. தட்டையான விரலுக்குத் தொந்தரவு தராத தையல், மூட்டுக்கும் தோலுக்கும் இடையில் அகப்படும்போது ஒரு கயிறுபோல அழுத்துகிறது.

மூன்றாவது, ஈரம். நீரில் ஊறிய தோல் வெளுத்து மெதுமையாகி வீங்கும். குளித்தெழுந்த விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். ஈரலிப்பான தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாகத் துணியைப் பிடித்துக்கொள்ளும். காலடி எடுத்து வைக்கும்போது காலுறை ஒரு பக்கமும் உள்ளிருக்கும் எலும்பு மறுபக்கமும் இழுக்க, இடையிலுள்ள தோல் அடுக்குகள் கத்தரிபடுகின்றன. கொப்புளம் அங்கேதான் பிறக்கிறது. நனைந்த பருத்திக் காலுறை தளர்ந்து, விரலுக்கு முன்னே ஒதுங்கி, தன் தையலையும் கூடவே இழுத்துக்கொண்டு புதிய மடிப்புகளை உண்டாக்குகிறது. உலர்ந்த நாளில் விரல் நுனிக்கு முன்னால் இருந்த தையல், மழை நாளில் மூட்டுக்கு மேல் வந்துவிடுகிறது.

இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே காலில் கூடியதுதான் அவருக்கு நேர்ந்தது. இவற்றில் விறைப்பையும் விரலின் வடிவத்தையும் நாம் இலகுவில் மாற்ற முடியாது. தையலும் ஈரமும் நம் கையில் இருக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியதே.

தையலை எப்படிச் சோதிப்பது? காலுறைக்குள் கையுறைபோலக் கையை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நுனித் தையலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். வரம்பு ஒன்று உருளையாகத் தட்டுப்பட்டால் அதைப் பாதத்துக்குக் கொடுக்கக்கூடாது. மலிவான காலுறைகளில் நுனியை மடித்துக் கட்டியாகத் தைத்துவிடுவார்கள், அங்கேதான் வரம்பு. கண்ணியோடு கண்ணி கோத்து முடித்தவற்றில் கைக்கு எதுவும் தட்டுப்படாது, விலை கூடுதலாகும். தையலே இல்லாதவையும் வருகின்றன. பல நிறக் கோலம் போட்ட காலுறைகளை உட்புறம் புரட்டினால் தளர்ந்த நூல்கள் தொங்குவதைக் காண்பீர்கள். அவை விரல் நகத்தில் சிக்கி இழுபடும். தைத்து ஒட்டுப்போட்ட காலுறையையும் விட்டுவிடவேண்டும். அந்த முடிச்சும் தையல்தான்.

நல்லது வாங்க வசதியில்லையென்றால் செலவில்லாத வழியொன்று உண்டு. இருக்கிற காலுறையை உள்வெளியாகப் புரட்டி அணியுங்கள். வரம்பு வெளிப்புறம் போய்விடும். மென்மையான பக்கம் தோலில் படும். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டிகளும், தையல் இல்லாத காலுறை, இல்லையேல் தையலை வெளிப்புறமாக்கிய காலுறை என்றே சொல்கின்றன. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சப்பாத்து இறுக்கமானதாக இருந்தால் வெளியே போன வரம்பு அதே விசையோடு உள்நோக்கி அழுத்தும். ஆகவே காலுறையைப் புரட்டுவதோடு சப்பாத்தையும் பார்க்கவேண்டும். அதற்குள்ளும் தையல் இருக்கிறது: நாக்கு இணையும் இடம், முன்தோலின் உள்விளிம்பு, குதிக்கால் உட்துணி. சப்பாத்தை ஒவ்வொரு காலையும் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிய பின்னரே காலை விடவேண்டும். விறைத்த காலுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும்.

இனி ஈரம். "பருத்திக் காலுறைதான் நல்லது" என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். உலர்ந்த வெயில் நாளில், வீட்டில் இருப்பவருக்கு அது பிழையில்லை. மழை நாளில் நடப்பவருக்கு அந்த வாக்கு பாதி உண்மைதான். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அக்ரிலிக், பொலியெஸ்டர் போன்ற இழைகள் நீரைக் குடிப்பதில்லை. வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்புறத்துக்குக் கடத்திவிடும். மெல்லிய கம்பளி நனைந்தாலும் பருத்திபோல் துவண்டுவிடாது. 1990இல் அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், அக்ரிலிக் காலுறை அணிந்தவர்களுக்குப் பருத்தி அணிந்தவர்களைவிடக் குறைவான, சிறிய கொப்புளங்களே வந்தன. அதே ஆய்வாளர்கள் 1993இல் வேறு விதமாகப் பின்னிய காலுறைகளை வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இழை மட்டும் போதாது, காலுறை பின்னப்பட்ட விதமும் முக்கியம் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். ஓட்டக்காரரின் கால் நோவை உணரும் கால் என்பதையும் மறக்கவேண்டாம். என் தெரிவு பெரும்பங்கு செயற்கை இழையும் சிறுபங்கு பருத்தியும் கலந்த, உள்ளங்காலில் சற்றுத் தடித்த, வெளிர்நிறக் காலுறை. வெளிர்நிறம் எதற்கென்றால், அதில் கறை தெரியும். நண்பருடைய காலுறை கறுப்பு. சுற்றறிக்கையில் அதன் நிறத்தையும் நான்தான் எழுதியிருந்தேன்.

மேற்பட்டியின் இறுக்கத்தையும் பார்க்கவேண்டும். காலுறையைக் கழற்றியபின் கணுக்காலில் ஆழமான வளையம் பதிந்திருந்தால் அது இறுக்கம். விளிம்பை மடித்துவிடுவது அந்த இறுக்கத்தை இரட்டிப்பாக்கும்.

ஆனால் சப்பாத்துக்குள் தண்ணீரே புகுந்துவிட்டால் எந்த இழையாலும் பயனில்லை. வியர்வையை வெளியே கடத்துவதற்கு வெளியில் உலர்ந்த இடம் ஒன்று வேண்டும்; ஊறிப்போன தோல் சப்பாத்தில் அது இல்லை. அப்போது ஒரே வழி மாற்றுவதுதான். பையில் ஒரு பொலித்தீன் உறைக்குள் இரண்டு சோடிக் காலுறைகளும் ஒரு சிறு துவாயும் இருக்கவேண்டும். அலுவலகத்தில் மேசைக்கடியில் உலர்ந்த இன்னொரு சோடிக் காலணி இருக்கவேண்டும். நனைந்தால் போய்ச் சேர்ந்தவுடன் கழற்றி, காலைத் துடைத்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துவாயின் நுனியை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, உலர்ந்ததை அணிய வேண்டும். தேய்க்கக்கூடாது, ஒற்றவேண்டும்.

விரலிடுக்கைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீரிழிவாளரின் பாதம் ஒரே நேரத்தில் இரண்டு பருவங்களில் வாழ்கிறது. வியர்வையை இயக்கும் நரம்பும் கெடுவதால் குதிக்கால் வரண்டு வெடிக்கும். விரலிடுக்கோ மழையில் ஊறி வெளுத்துச் சேற்றுப்புண் ஆகும். வெடித்த குதிக்காலைப் பார்த்துவிட்டுக் கால் முழுவதும் களிம்பு பூசுகிறவர்கள் அநேகர். களிம்பு குதிக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் உரியது. விரலிடுக்குக்கு ஒருபோதும் ஆகாது. இடுக்கில் தோல் வெளுத்து உரிந்தால், கடித்தால், மணத்தால் அது பூஞ்சணமாக இருக்கக்கூடும். வைத்தியரிடம் காட்டி மருந்து பெறவேண்டும். அந்தச் சிறு வெடிப்புத்தான் பெரிய கிருமிகளுக்கு வாசல்.

நனைந்த சப்பாத்தை உலர்த்துவதில் என் தொழில் உதவுகிறது. பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே அடையுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது நனைந்திருக்கும். எடுத்துவிட்டு வேறு தாள் அடையுங்கள். படுக்கப்போகும்போது இன்னொரு முறை. உட்துணித் தட்டு கழற்றக்கூடியதானால் அதைத் தனியே காற்றில் வையுங்கள். அடுப்படியிலோ உச்சி வெயிலிலோ வைத்துக் காய்ச்சக்கூடாது. தோல் சுருங்கிக் கடினமாகும், உட்தையல் முள்ளாகும். இப்படிச் செய்தாலும் முழுதாக நனைந்த தோல் சப்பாத்து மறுநாள் காலைக்குள் உலராது. அதனால்தான் மாரியில் இரண்டு சோடி வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் அணியவேண்டும். காலையில் உள்ளே புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது.

மழைக்கு எந்தக் காலணி? றப்பர் செருப்பு நனைந்தால் உடனே உலரும் என்பது உண்மை. ஆனால் விறைத்த காலிலிருந்து அது கழன்று விழுவதே தெரியாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஓடும் வார், ஊறிய இடுக்கில் அறுக்கும். றப்பர் பூட்ஸ் வெளிநீரைத் தடுக்கும். உள்ளே வியர்வையை அடைத்துவைக்கும். வெள்ளத்தைக் கடப்பதற்கு அரை மணி நேரம் அணியலாம். வேலைநாள் முழுவதற்கும் ஆகாது. கன்வஸ் சப்பாத்து கடற்பஞ்சு போன்றது. விரல் சிதைவோ முன்னர் புண்ணோ இல்லாதவருக்கு என் தெரிவு, முன்புறம் மூடியதும் குதிக்காலைப் பிடிக்கும் வார் உள்ளதும், வெல்குறோவால் தளர்த்தி இறுக்கக்கூடியதும், தோலில்லாத பொருளால் செய்ததுமான சாண்டல். நனைந்தால் துடைத்துவிடலாம். விரல் மடங்கியவர்களும் ஒருமுறை புண் வந்தவர்களும் கடையில் எடுத்ததை அணியக்கூடாது. அளவெடுத்துச் செய்வதே அவர்களுக்கு உரியது.

அளவு விடயத்தில் ஒரு குறிப்பு. உட்புற நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கவேண்டும். அளவு பார்ப்பது மாலையில், எழுந்து நின்றபடி, அணியப்போகும் காலுறையோடு. விறைத்த காலை வைத்துக்கொண்டு "அளவாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை. இறுக்கமாக இருந்தால்தான் அந்தக் காலுக்குப் போட்ட உணர்வே வரும். ஆகவே ஒரு கடதாசியில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடிட்டு வெட்டிக் கொண்டுபோங்கள். அந்தக் கடதாசியைச் சப்பாத்துக்குள் விடும்போது ஓரம் மடங்கினால் அந்தச் சப்பாத்து உங்களுடையதல்ல.

நோகாத காலுக்கான காலணி பற்றிய அறிவு நம் பக்கத்துக்குப் புதியதல்ல. கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிரான்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1946இலிருந்து வேலூரில் தொழுநோயாளரின் காலைப் பார்த்தார். விரல்களை அழிப்பது நோய் மட்டுமல்ல, நோவில்லாமல் நடப்பதும்தான் என்று கண்டார். நுண்துளை றப்பரால் மெத்தென்ற செருப்புகள் அங்கே உருவாயின. பின்னர் 1966இல் அமெரிக்காவுக்குப் போய், அதே பாடம் நீரிழிவுக் காலுக்கும் பொருந்தும் என்று எடுத்துச் சொன்னார். தமிழ் மண்ணில் கண்டறிந்த பாடம் நம் கிளினிக் வரிசைக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்குவது பற்றியும் சொல்லவேண்டும். எலிக்காய்ச்சல் தோல் வெடிப்பின் ஊடாக வருவதை நம்மவர் அறிவர். மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு நோயை அறிந்தவர் குறைவு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி மழைக்காலத்தில் இதை உண்டாக்குகிறது, இலங்கையிலும் உண்டு, நீரிழிவுள்ளவர்களையே அது அதிகம் பிடிக்கிறது. கோயில் வீதியில் வெறுங்காலோடு சுற்றும் அன்பர்களைச் சுற்றவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கால் விறைத்தவர்கள் வீதி உலர்ந்திருக்கும் நேரத்தைத் தெரிந்து போகட்டும். வெளியே வந்ததும் மணலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, காலைப் பார்த்துவிட்டுச் செருப்புக்குள் விடட்டும்.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் வாசகர்கள் இது தங்களுக்கில்லை என்று எண்ணவேண்டாம். பனி உருகிய நீர் பூட்ஸுக்குள் புகுந்தாலும் ஈரம் ஈரம்தான். குளிருக்கென்று இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் தையலும் இரண்டாகும், சப்பாத்தும் இறுகும். இரண்டு அணியத்தான் வேண்டுமென்றால் பூட்ஸை அதற்கேற்ற அளவில் எடுக்கவேண்டும். விறைத்த காலைக் கணப்பருகே நீட்டி உலர்த்தக்கூடாது, சுடுவதும் தெரியாது.

எப்போது வைத்தியரிடம் ஓடவேண்டும்? விறைத்த காலில் தோல் திறந்திருந்தால் அன்றே காட்டவேண்டும். பிளாஸ்ரர் ஒட்டிக் காத்திருக்கக்கூடாது. காயத்தின் விளிம்பிலிருந்து சிவப்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் பரவினாலோ, மணம் வந்தாலோ, ஒரு கால் மற்றதைவிடச் சுட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ மறுநாள் என்ற பேச்சே இல்லை. நண்பர் அந்த வெள்ளிக்கிழமை போயிருந்தால் விரல் மிஞ்சியிருக்கும் என்றுதான் வைத்தியர் சொன்னார்.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. என் முறைப்பாடு நிறுவனங்களைப் பற்றியது. அலுவலகங்களும் பாடசாலைகளும் வங்கிகளும் வெப்ப நாட்டில், மழை நாட்டில், மூடிய கறுப்புச் சப்பாத்தை மரியாதையின் அடையாளமாக்கி வைத்திருக்கின்றன. அந்த மரியாதைக்கு விலை கொடுப்பது விறைத்த கால். நீரிழிவுள்ள ஊழியர் குதிவார் உள்ள சாண்டலோடு வரலாம், வெளிர்நிறக் காலுறை அணியலாம், நனைந்து வந்தால் காலணி மாற்றப் பத்து நிமிடம் எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த நிருவாகத்துக்கும் செலவில்லை. கிளினிக்கிலும், இரத்தத்தில் சீனியை அளப்பதோடு நிற்காமல், வருடத்துக்கு ஒருமுறையாவது சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலையும் காலுறையின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும். அந்தத் தாதி செய்ததை விரல் போனபின் செய்யாமல் போகுமுன் செய்யவேண்டும் என்பதே என் கேள்வியின் சாரம்.

எங்கள் அலுவலகச் சுற்றறிக்கை திருத்தப்பட்டுவிட்டது. திருத்தத்தையும் நானே எழுதினேன். ஒப்புநோக்கக் கொடுத்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு இடத்தில் சந்திப்பிழை பிடித்தார். பிறகு வாசலிலிருந்த என் சப்பாத்தை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட சீனி எவ்வளவு?" என்று கேட்டார். அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். எல்லையில் நிற்கிறது. அன்றிலிருந்து நானும் என் காலுறைகளைப் புரட்டித்தான் அணிகிறேன்.